ஒற்றைக் கட்ட மோட்டாரின் சென்ட்ரிபியூகல் சுவிட்ச்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு எச்.பி. மோட்டார், 1440 ஆர்.பி.எம். பேரிங் மாற்றிய பிறகு மூன்றாவது ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரும் வெடித்துவிட்டது. எல்லாமே போலிச் சரக்கா?

பதில்: மூன்றும் போலியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, பேரிங் மாற்றிய பிறகு என்று நீங்கள் எழுதியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒற்றைக் கட்ட மின்சாரம் ரன்னிங் வைண்டிங்கில் உண்டாக்கும் காந்தப்புலம் கூடிக் குறையுமே தவிரச் சுழலாது. அதனால் நின்றிருக்கும் ரோட்டரை அது எந்தப் பக்கமும் திருப்புவதில்லை. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் கெப்பாசிட்டர் வழியாகச் செல்லும் மின்னோட்டம் முன்கூட்டியே உச்சத்தை அடைவதால்தான் சுழலும் புலம் பிறக்கிறது. ஓடத் தொடங்கியபின் ரன்னிங் வைண்டிங் மட்டுமே போதும். ஆகவே முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை, அதாவது உங்கள் மோட்டாரில் 1100 ஆர்.பி.எம். அளவை எட்டும்போது, ஷாப்டிலுள்ள சென்ட்ரிபியூகல் சுவிட்சின் எடைகள் விரிந்து காலர் என்னும் வளையத்தைப் பின்னால் இழுக்க, கான்டாக்ட் திறந்து ஸ்டார்ட்டிங் வைண்டிங்கையும் கெப்பாசிட்டரையும் துண்டித்துவிடுகிறது. அந்த வைண்டிங்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரும் சில விநாடி வேலைக்கென்றே செய்யப்பட்டவை. துண்டிக்கப்படாவிட்டால் கெப்பாசிட்டர் உள்ளே சூடேறி, வாயு சேர்ந்து வெடிக்கும். அதையும் தாண்டி ஓட்டினால் வைண்டிங் கருகும்.

இனி பேரிங். காலர் ஷாப்டோடு சுழல்கிறது, கான்டாக்ட் தகடோ மூடியில் நிலையாக நிற்கிறது. பேரிங்கைச் சரியான ஆழத்தில் அமர்த்தாமலோ, ஸ்பிரிங் வாஷரைப் பக்கம் மாற்றியோ பொருத்தினால் ரோட்டர் முழுவதும் சற்று நகர்ந்துவிடும். தகட்டின் பக்கம் நகர்ந்தால், எடைகள் விரிந்த பின்னும் காலர் தகட்டை விடாது. உங்கள் மோட்டாரில் நடப்பது இதுவாக இருக்கலாம். கான்டாக்ட் ஒட்டிப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஸ்டார்ட்டிங் வைண்டிங் ஒயரில் மட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஓரிரு விநாடியில் மின்னோட்டம் பூஜ்யமாக வேண்டும். ஆகாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். பிறகு இணைப்பைத் துண்டித்து, கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியே மின்னிறக்கம் செய்துவிட்டு மூடியைத் திறக்கலாம்.

கேள்வி: மின்விசிறியில் கெப்பாசிட்டர் எப்போதும் இணைப்பில்தானே இருக்கிறது? சுவிட்சை எடுத்துவிட்டு நேராக இணைத்தால் தொல்லையே இல்லையே.

பதில்: மின்விசிறியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஆனால் அதில் இருப்பது தொடர்ந்து இயங்கக்கூடிய, சில மைக்ரோஃபாரட் மட்டுமே உள்ள கெப்பாசிட்டர், அதன் வைண்டிங்கும் அதற்கேற்பச் சுற்றப்பட்டது. அதற்குத் தொடக்க முறுக்குவிசை குறைவு. விசிறிக்கு அது போதும், சுமையுடன் கிளம்ப வேண்டிய கம்ப்ரசருக்குப் போதாது. ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் அதைவிடப் பல மடங்கு பெரியது. நேராக இணைத்தால் முந்தைய நண்பரின் நிலையை நீங்களே வரவழைப்பீர்கள்.

கேள்வி: என்னுடையது வெடிக்கவில்லை, உறுமிக்கொண்டே நிற்கிறது. கையால் சுழற்றிவிட்டால் ஓடுகிறது. இதுவும் அதே கோளாறா?

பதில்: இது நேர்மாறானது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு மின்சாரம் போகவில்லை. எந்தப் பக்கம் சுழற்றினாலும் அந்தப் பக்கமே ஓடினால் அது உறுதி. காரணம் கரியேறிய கான்டாக்டாகவும் இருக்கலாம், ரோட்டர் எதிர்ப்பக்கம் நகர்ந்ததாகவும் இருக்கலாம், கெப்பாசிட்டரே செத்துப் போனதாகவும் இருக்கலாம், ஸ்டார்ட்டிங் வைண்டிங் அறுந்ததாகவும் இருக்கலாம். கெப்பாசிட்டரை மின்னிறக்கம் செய்து கழற்றி அளந்துவிட்டு, மோட்டார் நிற்கும் நிலையில் கான்டாக்ட் மூடியிருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். உறுமும்போது ரன்னிங் வைண்டிங் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், கையால் சுழற்றி ஓட்டும் பழக்கம் வேண்டாம். பெல்ட்டில் விரல் சிக்கும் ஆபத்து வேறு.

கேள்வி: வைண்டிங் வேலை செய்பவன் நான். சுவிட்ச் நல்ல நிலையில் இருந்தும் வோல்டேஜ் குறைந்த நேரத்தில் கெப்பாசிட்டர் போவதைப் பார்த்திருக்கிறேன். சுவிட்சை மட்டும் குற்றம் சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. முறுக்குவிசை ஏறத்தாழ வோல்டேஜின் இருமடிக்கேற்ப மாறுவதால், வோல்டேஜ் 20 விழுக்காடு குறைந்தால் விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அப்போது சுமையுடன் உள்ள மோட்டார் 1100-ஐ எட்டாமலே தடுமாறும், சுவிட்சும் திறக்காது. இதைக் காதாலேயே பிரித்தறியலாம்: நல்ல மோட்டாரை நிறுத்தும்போது வேகம் குறையும் வழியில் ஒரு ‘கிளிக்’ கேட்கும், அது திறந்த கான்டாக்ட் மீண்டும் மூடும் ஒலி. திறக்கவே இல்லையென்றால் அந்த ஒலி இராது. ஒலி கேட்காத மோட்டாரைச் சுமையைக் கழற்றி ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது கேட்டால் சுவிட்ச் நலம், சுமையையோ மின்வரத்தையோ பாருங்கள்.

கேள்வி: சுவிட்சுக்குப் பதில் எலக்ட்ரானிக் டைமர் போடலாமா?

பதில்: வேகத்தைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் எண்ணும் டைமர், சுமை கூடிய நாளில் மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே துண்டித்துவிடும். வைண்டிங்கின் வோல்டேஜை உணர்ந்து திறக்கும் ரிலே அதைவிட நம்பத்தக்கது, ஆனால் மோட்டாருக்குப் பொருந்திய ரிலேயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூசி மிகுந்த இடத்தில் நான் ரிலேயை விரும்புவேன். மற்ற இடங்களில் இயந்திர சுவிட்சே போதும் என்பது என் கருத்து, இதில் மாற்றுக் கருத்துள்ளவர்களும் உண்டு.