பட்டா மாறுதல் மனு நிராகரிப்பு: அந்தப் பதிலை எப்படிப் படிப்பது, அடுத்து எங்கே போவது?

கேள்வி: 2019-ல் அப்பா 18 சென்ட் புஞ்சை கிரையம் வாங்கினார். விற்றவர் பழைய பட்டாதாரர்களில் ஒருவரின் மகன். இப்போது பட்டா மாறுதலுக்கு மனு போட்டேன். 12 நாளுக்கு முன் வந்த பதில் இது: "பார்வையில் காணும் மனு தொடர்பாக, கிராம நிர்வாக அலுவலர் மற்றும் சரக வருவாய் ஆய்வாளரின் அறிக்கைகளின்படி, மேற்படி புலம் 0-21.00 ஹெக்டேர் நில உடைமை மேம்பாட்டுத் திட்ட அ பதிவேட்டின்படி மூன்று நபர்கள் பெயரில் கூட்டாகத் தாக்கலாகியுள்ளது. கிரையம் கொடுத்தவர் பெயர் பட்டாவில் இடம்பெறவில்லை. தொடர்பு ஆவணங்கள் இணைக்கப்படவில்லை. மேலும் உட்பிரிவு செய்ய ஏதுவாக இல்லை. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டதாகக் கருதினால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்." பத்திரம் செல்லாது என்கிறார்களா? மேல்முறையீடு போடவா, கோர்ட்டுக்குப் போகவா?

பதில்: பத்திரம் செல்லாது என்று அதில் எங்கேயும் இல்லை. வருவாய்த்துறையில் இருந்த காலத்தில் இந்த மாதிரி கடிதங்களை நானே நிறைய எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: இதைக் கடைசியிலிருந்து படியுங்கள். "நிராகரிக்கப்படுகிறது" என்பது முடிவு. அதற்கு மேலே உள்ள மூன்று நான்கு வரிதான் காரணம். மீதியெல்லாம் கோப்பு நடந்த வழி, யார் அறிக்கை கொடுத்தார் என்ற சம்பிரதாயம்.

காரணம் என்று பார்த்தால் உங்களுக்கு வந்திருப்பது இரண்டு. ஒன்று, விற்றவர் பெயர் பட்டாவில் இல்லை, இடையில் இருக்கும் சங்கிலியைக் காட்டும் காகிதமும் இல்லை. இரண்டு, உங்கள் 18 சென்டைத் தனியாக அளந்து பிரித்து உட்பிரிவு செய்ய முடியவில்லை. இரண்டும் "மேலும்" என்ற ஒரே சொல்லால் ஒட்டியிருப்பதால் ஒரே பிரச்சினை மாதிரித் தெரிகிறது. ஆனால் முதலாவது தாலுகா அலுவலகக் காகித விவகாரம், இரண்டாவது நிலத்தில் கல் நடும் விவகாரம், இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்பது ஊரில் எல்லோரும் யூ.டி.ஆர் என்று சொல்லும் அதேதான். 1979-க்கும் 1987-க்கும் இடையில் தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அப்போது எழுதிய அ பதிவேட்டில் யார் பெயர் ஏறியதோ, அந்தப் பெயரிலிருந்துதான் இன்றைக்கும் தாசில்தார் கணக்கைத் தொடங்குவார். "தாக்கலாகியுள்ளது" என்றால் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம், கோர்ட்டில் ஏதோ தாக்கல் ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த மூன்று பேரில் ஒருவரிடமிருந்து உங்களுக்கு விற்றவருக்கு நிலம் எப்படி வந்தது என்பதை நீங்கள் காட்டவில்லை. அதைத்தான் "தொடர்பு ஆவணங்கள் இணைக்கப்படவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.

விற்றவர் அந்த மூவரில் ஒருவரின் மகன் என்கிறீர்கள். அப்படியானால் சங்கிலி அறுந்த இடம் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது, அவருடைய அப்பா இறந்த பிறகு பட்டாவை யாரும் மாற்றவே இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் இந்த அறுந்த இடம் அதில் தெரியாது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும், ஒருவர் இறந்து சொத்து பிள்ளைகளுக்கு இறங்குவது வராது. அதனால் வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாகிவிடக் கூடாது. இங்கே வேண்டியது அந்த மூத்தவரின் இறப்புச் சான்றும், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றும்.

வாரிசுச் சான்று கைக்கு வந்ததும் முதலில் எத்தனை பெயர் என்று எண்ணுங்கள். மகன் ஒருவர்தான் என்றால் விஷயம் முடிந்தது. அம்மா, அக்கா, தங்கை என்று மூன்று நான்கு பெயர் இருந்து, 2019 பத்திரத்தில் மகன் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. அந்த நிலத்தில் அவருடைய பங்குதான் உங்களுக்கு வந்திருக்கிறது, மற்றவர்களின் பங்கு வரவில்லை. அப்போது அவர்களிடம் தனியாக ஒரு பத்திரம் பதிந்து வாங்க வேண்டும். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் எழுதும்போது கிடைக்கும் சலுகைக் கட்டணம் வெளியாளான உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காது, செலவைப் பத்திர எழுத்தரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களில் யாராவது கையெழுத்துப் போட மறுத்தால்தான் சிவில் கோர்ட் என்ற பேச்சே வரும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற தகராறைத் தீர்க்கத் தாசில்தாருக்கு அதிகாரம் இல்லை. தகராறு இருந்தால் பொதுவாகப் பதிலிலேயே "உரிமையியல் நீதிமன்றம் மூலம் பரிகாரம் தேடிக்கொள்ள" என்று எழுதிவிடுவோம். உங்கள் பதிலில் அந்த வரி இல்லை. நல்ல அறிகுறிதான், ஆனால் இன்னும் யாரும் ஆட்சேபம் கொடுக்கவில்லை என்பதற்கு மேல் அதில் அர்த்தம் தேட வேண்டாம்.

அப்புறம் இரண்டாவது காரணம். "ஏதுவாக இல்லை" என்பது வருவாய்த்துறையின் செல்லச் சொல். ஏன் இல்லை என்று சொல்லாமல் தப்பிக்க உதவும். ஆனால் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது, புலத்தின் அளவு. 0-21.00 என்றால் பூஜ்யம் ஹெக்டேர், 21 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். 21-ஐப் பெருக்கினால் கிட்டத்தட்ட 51.9 சென்ட். மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 17.3 சென்ட். உங்கள் பத்திரத்திலோ 18 சென்ட். அதாவது சுமார் 0.7 சென்ட், 300 சதுர அடிக்கு மேல், மற்ற இருவரின் பங்குக்குள் போகிறது. கூட்டுப் பட்டாவில் யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்காது, அதனால் பழைய பாகப்பிரிவினையில் அந்த மூத்தவருக்குக் கூடுதலாக ஒதுக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் கேள்வியே இல்லை. வாய்மொழியாகப் பிரித்திருந்தால் மற்ற இருவர், அல்லது அவர்களின் வாரிசுகள், சம்மதிக்காமல் நில அளவையர் கல் நட மாட்டார்.

இந்தக் கணக்கு தாலுகாவில் யாருக்காவது உறுத்தியதா, இல்லை, நிலத்தில் எல்லையே தெரியவில்லை என்று விட்டுவிட்டார்களா என்பது கடிதத்தில் தெரியாது. வி.ஏ.ஓ-வும் ஆர்.ஐ-யும் கொடுத்த அறிக்கைகளில்தான் இருக்கும். அதனால் இப்போது கேட்க வேண்டியது அந்த இரண்டு காகிதங்களைத்தான். தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். "என் மனுவை ஏன் நிராகரித்தீர்கள்" என்று கேட்டு எழுதாதீர்கள். அந்தச் சட்டத்தில் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்டு வாங்க முடியும், விளக்கம் கேட்டால் "விளக்கம் அளிக்க வழிவகை இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும், ஒரு மாதம் போச்சு. இப்படி எழுதலாம்:

"எனது பட்டா மாறுதல் மனு எண் ......, நாள் ...... மீது, (1) கிராம நிர்வாக அலுவலர் அளித்த அறிக்கை, (2) சரக வருவாய் ஆய்வாளர் அளித்த அறிக்கை, (3) நில அளவையர் குறிப்பு ஏதேனும் இருப்பின் அது, (4) மேற்படி புலத்துக்கான யூ.டி.ஆர் அ பதிவேட்டுப் பக்கம், ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கவும். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதிக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நேரில் பார்த்தால் குறிப்புப் பக்கங்களும் கண்ணில் படும். பதில் கொடுக்க அவர்களுக்கு 30 நாள். அதற்கிடையில் இப்போதைய அ பதிவேட்டையும் புலப்படத்தையும் நீங்களே eservices.tn.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே தெரிவது இன்றைய நிலை மட்டும்தான், யூ.டி.ஆர் காலத்துப் பக்கத்துக்கு மனுதான் போட வேண்டும். அந்த மூவர் பெயரில் எழுத்துப்பிழை, தந்தை பெயர் மாற்றம் மாதிரி ஏதாவது இருந்தால் அந்தப் பழைய பக்கத்தில்தான் பிடிபடும்.

சரி, மேல்முறையீடா, புது மனுவா? என் அபிப்பிராயத்தில் உங்களுக்குப் புது மனு. மேல்முறையீட்டில் கோட்டாட்சியர் பார்ப்பது, தன் முன்னால் இருந்த காகிதத்தை வைத்துத் தாசில்தார் எடுத்த முடிவு சரியா என்பதைத்தான். நீங்கள் தொடர்பு ஆவணம் இணைக்காதது உண்மை என்றால் அந்த முடிவும் சரிதான், விசாரணைக்கு நடையாய் நடந்துவிட்டு மறுபடியும் தாலுகாவுக்கே வருவீர்கள். நீங்கள் வாரிசுச் சான்றை இணைத்திருந்தும் இல்லை என்று எழுதியிருந்தால், அல்லது அ பதிவேட்டுப் பக்கத்தில் விற்றவர் பெயர் இருந்தும் இல்லை என்று சொல்லியிருந்தால், அப்போது மேல்முறையீடுதான் சரியான வழி. ஆன்லைனில் போட்ட மனுவின் ஒப்புகைச்சீட்டில் எந்தெந்த ஆவணம் ஏற்றினீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். பத்திரத்தின் முதல் பக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு மறந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தகவல் மனு போட்டிருப்பதால் மேல்முறையீட்டுக் கெடு நின்று காத்திருக்காது. அதனால் உத்தரவு நாளையும் உங்கள் கைக்கு வந்த நாளையும் குறித்து வையுங்கள், அஞ்சலில் வந்திருந்தால் உறையையும் பத்திரப்படுத்துங்கள். 12 நாள் போய்விட்டது. உத்தரவில் கெடு எழுதியிருந்தால் அதுவே கணக்கு, எழுதாவிட்டால் 30 நாளை மனதில் வைத்துக்கொண்டு, 25-வது நாள் வரைக்கும் அறிக்கை நகல் வராவிட்டால் ஒரு பக்கத்தில் மேல்முறையீட்டைக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். பின்னால் தேவையில்லை என்று தெரிந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

புது மனு போடும்போது உட்பிரிவு கேட்பதா, வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பத்திரத்தில் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் சக்குபந்தியும் நீள அகலமும் தெளிவாக இருந்து, மற்ற இரண்டு குடும்பமும் சம்மதம் எழுதிக் கொடுத்தால் உட்பிரிவோடு தனிப்பட்டாவே கேளுங்கள். அவர்கள் ஊரில் இல்லை, பேச்சுவார்த்தைக்கு நாள் ஆகும் என்றால், உட்பிரிவு இல்லாமல் அந்த மூத்தவர் பெயருக்குப் பதிலாக அப்பா பெயரைக் கூட்டுப் பட்டாவில் சேர்க்கக் கேளுங்கள். அந்த 0.7 சென்ட் சண்டை அப்போது எழாது, பட்டாவில் பெயரும் ஏறிவிடும். பின்னால் விற்கவோ கடன் வாங்கவோ போனால் கூட்டுப் பட்டா கொஞ்சம் இழுக்கும், அதற்குள் மற்ற இருவரோடு உட்கார்ந்து பேசிப் பாகப்பிரிவினையைப் பதிந்துவிட்டால் உட்பிரிவுக்கு மட்டும் தனியாக மனு போட்டுக்கொள்ளலாம்.