நீலகிரியில் காலி பாட்டிலுக்கு ஏன் 10 ரூபாய்?

கேள்வி: பங்குதாரர் பகுப்பாய்வு என்றால் என்ன? சட்டம், மானியம், வரி, விழிப்புணர்வு, இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு பிரச்சினையில் யாருக்கு நட்டம், யாருக்கு வசதி, யார் கையில் அதிகாரம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பங்குதாரர் பகுப்பாய்வு. சட்டமா, மானியமா, வரியா, விழிப்புணர்வா என்று கருவியைத் தேர்ந்தெடுப்பது அப்புறம்.

நீலகிரியில் குடித்துவிட்டுக் காட்டில் வீசும் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது. வீசுபவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர் மறுநாளே ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணியாக இருக்கலாம். அவரிடம் விழிப்புணர்வுப் பலகை அதிகம் எடுபடாது. அபராதம் போடலாம், சரி, காட்டுச் சாலை முழுக்க யார் காவல் நிற்பது? வரி போட்டால் விலைதான் ஏறும், பாட்டில் காட்டிலேயே கிடக்கும்.

உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெட்டிக்கடையில் சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டுவது போலத்தான். பயணி வீசிவிட்டுப் போனாலும், பொறுக்கி வருபவருக்கு அந்தப் பத்து ரூபாய் மானியம் மாதிரி. இதில் இடிபடுவது கடை ஊழியர்: ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், காலி பாட்டிலை அடுக்க இடம் தேட வேண்டும். அவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் திட்டம் கவுண்டரிலேயே சிக்கிக்கொள்ளும்.

பலர் இதை மறைமுக வரி என்று நினைக்கிறார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயும் முழுசாகக் கைக்கு வந்துவிடும், வரி அப்படித் திரும்பி வராது.