சரியான பாஸ்வேர்டு போட்டும் ஏன் மறுபடி மறுபடி லாக் ஆகிறது?

கேள்வி: பாஸ்வேர்டைப் பல தடவை தப்பாகப் போட்டதில் ஆபீஸ் கணக்கு லாக் ஆகிவிட்டது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி லாக். இது தற்காலிகமா, நிரந்தரமாக முடக்கிவிட்டார்களா?

தற்காலிகம்தான். நிரந்தரமாக முடக்கிய கணக்கு அரை மணி நேரத்தில் தானாகத் திறக்காது. உங்கள் பழைய பாஸ்வேர்டை வேறு ஏதோ ஒரு கருவி இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

கிண்டியில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். போன மே மாதம் அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒரு அக்கா காலையிலேயே கண் கலங்கி வந்து நின்றார். "தம்பி, நான் கரெக்டாத்தான் அடிக்கிறேன், உள்ளேயே விடமாட்டேங்குது. என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

அவர் திரையில் இருந்தது இது: "The referenced account is currently locked out and may not be logged on to." முடக்கப்பட்ட கணக்கு என்றால் "Your account has been disabled" என்று வரும். இரண்டும் சர்வரில் தனித்தனியாகப் பதிவாகும் விஷயங்கள். பார்ப்பதற்கு பவர்ஷெல்லில் ஒரே வரிதான், user1 என்ற இடத்தில் அவரின் யூசர் பெயர்:

```
Get-ADUser user1 -Properties LockedOut | Select LockedOut, Enabled
```

LockedOut, Enabled இரண்டுமே True என்று வந்தது. அதாவது கணக்கு உயிரோடு இருக்கிறது, கதவு மட்டும் சாத்தியிருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களுக்கு நாங்கள் மாற்றுவது Enabled-ஐ. அதை அட்மின் மாற்றினால்தான் மாறும். பாஸ்வேர்டை எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் அது தானாக மாறாது.

எங்கள் ஆபீஸில் ஐந்து தடவை தப்பினால் முப்பது நிமிடம் லாக். அந்த முப்பது நிமிடமும் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாது. இது தெரியாமல்தான் பலரும் "சரியா போட்டும் வரலையே, முடக்கிட்டாங்க" என்று பயப்படுகிறார்கள்.

சரி, அக்காவின் லாக்கைத் திறந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் மறுபடி லாக். அப்போது அவர் கீபோர்டையே தொடவில்லை, என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் கணக்குகளையெல்லாம் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற பதிவைத் தேடினேன். எந்த இயந்திரம் வழியாக லாக் ஆனது என்று அதில் பெயர் இருக்கும். அவர் கம்ப்யூட்டர் பெயர் இல்லை, எங்கள் மெயில் சர்வரின் பெயர் இருந்தது. மெயில் சர்வரின் பதிவேட்டைத் திறந்தால், ஒரு ஆண்ட்ராய்டு போன் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அவர் பெயரில் தட்டிக்கொண்டே இருக்கிறது.

"அக்கா, உங்ககிட்ட வேற போன் இருக்கா?" கொஞ்சம் யோசித்தார். கொளத்தூர் வீட்டில் பீரோவில் கிடந்த பழைய போனை, லீவில் கேம் விளையாட என்று பையன் முந்தின நாள் ராத்திரி சார்ஜ் போட்டிருக்கிறான். அதில் ஆபீஸ் மெயில் இன்னும் இருந்தது.

கடைசியாகப் பாஸ்வேர்டு மாற்றியபோது வராத பிரச்சினை இப்போது ஏன் வந்தது? அப்போது அந்தப் போன் சார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடந்தது. இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் சர்வர் உங்களின் முந்தின இரண்டு பாஸ்வேர்டுகளைத் தெரிந்து வைத்திருக்கும். மறதியில் அவற்றைப் போட்டால் உள்ளே விடாது, ஆனால் தப்பு என்று எண்ணிக்கையில் சேர்க்காது. பீரோ போனில் இருந்தது அதற்கும் முந்தியது. அதனால் ஒவ்வொரு தட்டலும் ஒரு தப்பாகக் கணக்கில் ஏறியது. பையனிடம் போனில் சொல்லி அந்த மெயில் கணக்கை நீக்க வைத்தோம். லாக்கைத் திறந்தேன், அதற்கப்புறம் வரவில்லை.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பழைய போன், டேப், வீட்டு லேப்டாப்பில் சேமித்த பாஸ்வேர்டு, ஆபீஸ் வைஃபையில் பழைய பாஸ்வேர்டோடு இணையும் போன், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஐடி ஆளிடம் "4740-ல் எந்த கம்ப்யூட்டர் பெயர் வருது?" என்று கேளுங்கள். வெறுமனே பாஸ்வேர்டை ரீசெட் பண்ணச் சொல்லாதீர்கள், பழைய போன் அந்தப் புதுசையும் லாக் பண்ணிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில ஆபீஸ்களில் லாக் நேரத்தைப் பூஜ்யம் என்று வைத்திருப்பார்கள். அப்படி என்றால் அட்மின் திறக்கும் வரை எத்தனை நாள் காத்திருந்தாலும் திறக்காது. பார்ப்பதற்கு நிரந்தரம் போலத் தெரியும், ஆனால் அதுவும் லாக்தான், ஒரு போன் போட்டால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடுவார்கள்.

சோஷியல் மீடியா கணக்கு என்றால் நண்பர் ஒருவரிடம் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெறும் லாக் என்றால் அவருக்கு எல்லாம் வழக்கம்போலத் தெரியும். சஸ்பெண்ட் என்றால் பெரும்பாலும் பக்கமே வராது. உங்களுக்கும் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட பிறகு, எந்த விதியை மீறினீர்கள், எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்று செய்தி வரும். அங்கே காத்திருந்து பயனில்லை, மேல்முறையீடு எழுதித்தான் ஆக வேண்டும்.