ஆட்காட்டி என்ற பெயர் எப்படி வந்தது?

கேள்வி: பறவை, விலங்குப் பெயர்கள் சத்தத்தை வைத்தா, பழக்கத்தை வைத்தா வந்தன?

இரண்டும் உண்டு. ‘கா கா’ என்று கரைவது காக்கை. வாலை ஆட்டிக்கொண்டே நடப்பது வாலாட்டி. விலங்குகளில் எறும்புதின்னிக்கு விளக்கமே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது ஆட்காட்டிதான். இது மரத்தில் கூடு கட்டாது; வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் புள்ளி புள்ளியாக மண்நிறத்தில் இருப்பதால், காலடியில் கிடந்தாலும் சட்டென்று தெரியாது. அதனால் ஆள் நெருங்கினாலே பறவை எழும்பி, தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். பதுங்கிப் போகும் வேட்டைக்காரனையும் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆளைக் காட்டுவதால் ஆள்காட்டி, புணர்ச்சியில் ஆட்காட்டி.

அப்புறம், எல்லாப் பெயரையும் இப்படிப் பிரிக்க முடியாது. செம்போத்தில் ‘செம்’ என்பது சிறகின் நிறம். குரலும் இல்லை, பழக்கமும் இல்லை.