டாக்டருக்கு அனுப்பும் புரொபோசலில் என்ன இருக்க வேண்டும்?

*தனியாக பிராண்ட் ஆலோசகராக வேலை செய்கிறேன். தோல் கிளினிக் நடத்தும் டாக்டர் ஒருவர் புரொபோசல் கேட்டிருக்கிறார். போன தடவை வேறொரு கிளினிக்குக்கு 12 பக்கம் எழுதி அனுப்பினேன், பதிலே இல்லை. வேலை, முறை, கட்டணம் மூன்றையும் எப்படி எழுதுவது?*

இரண்டு பக்கம் போதும். ஓ.பி. முடிந்த பிறகு, போனில்தான் அவர் அதைப் படிப்பார். உங்களைப் பற்றிய அறிமுகத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அவர் சொன்ன பிரச்சினையிலேயே கடிதத்தை ஆரம்பியுங்கள்: “பருவுக்கு வருகிறவர்களுக்கு இங்கே லேசர் இருப்பதே தெரியவில்லை என்றீர்கள்.”

அடுத்து வேலை. எதைச் செய்வீர்கள் என்பதோடு எதைச் செய்யமாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். லோகோ வரைவது, இன்ஸ்டாகிராம் நடத்துவது, போர்டு அச்சடிப்பது இதில் சேராது என்று சொல்லாவிட்டால், மூன்றாவது வாரம் எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். “மாதம் இத்தனை புது நோயாளிகள்” என்று வாக்குக் கொடுக்கவே வேண்டாம். அது உங்கள் கையில் இல்லை. தவிர, விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதை மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் தடுக்கின்றன. கிளினிக் தொடங்குவது, முகவரி மாறுவது, கட்டணத்தைத் தெரிவிப்பது போன்ற சில அறிவிப்புகளுக்கே இடமுண்டு. வெளியே போகும் ஒவ்வொரு வாசகத்தையும் டாக்டர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கொடுப்பேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது அந்த வரியில்தான்.

ஆறு வார வேலை, 75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் வரவேற்பறையில் இரண்டு மாலை உட்கார்ந்து கவனிப்பது, சம்மதம் தரும் எட்டு நோயாளிகளிடம் பேசுவது, கண்டதை எழுதிக் கொடுப்பது: 30,000. அடுத்த இரண்டு வாரம் கிளினிக் யாருக்கானது, எதைச் சொல்லி அறியப்பட வேண்டும் என்ற முடிவு: 25,000. கடைசியில் பெயர்ப் பலகை, வரவேற்பு மேசை, இணையதளம் ஆகியவற்றுக்கான வாசகங்கள்: 20,000. ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் முன்கூட்டியே வரவேண்டும். டாக்டர் நடுவில் நிறுத்தினாலும், முடிந்த கட்டம் முழுதாக அவர் கையில் இருக்கும், உங்களுக்கும் பாக்கி நிற்காது.

சிக்கல் பெரும்பாலும் திருத்தத்தில்தான் வரும். “இரண்டு திருத்தம்” என்று மட்டும் எழுதினால், இன்று டாக்டர் ஒன்று சொல்வார், நாளை அவர் மனைவி வேறொன்று சொல்வார், மறுநாள் மேனேஜர். எல்லோருடைய கருத்தையும் ஒருவர் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புவதுதான் ஒரு திருத்தம் என்று விளக்கி, அந்த ஒருவர் யார் என்ற இடத்தைக் காலியாக விட்டு, டாக்டரையே நிரப்பச் சொல்லுங்கள்.

டிடிஎஸ் பிடிப்பாரா என்றும் கேட்டு வையுங்கள். 10 சதவீதம் பிடித்தால் 75,000-க்கு 67,500 தான் கைக்கு வரும். மீதியை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி என்பதைத் தொகைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

கடைசி வரி இப்படி இருக்கட்டும்: “இந்தக் கட்டணம் 15 நாளுக்குச் செல்லும். சரி என்று பதில் எழுதி முதல் கட்டப் பணம் அனுப்பினால், அடுத்த திங்கள் மாலை வரவேற்பறைக்கு வந்துவிடுகிறேன்.”