அமைலோஸ் அளவு ஏன் தாவுகிறது: கட்டி தட்டிய மாவும் நேராக வந்த கோடும்

கேள்வி: அரிசி மில் லேப்ல புதுசா சேர்ந்திருக்கேன். ஒரே அரிசிக்கு அயோடின் முறையில அமைலோஸ் ஒரு நாள் 20க்குக் கீழ வருது, மறுநாள் 28ன்னு காட்டுது. ஸ்டாண்டர்ட் கர்வ் என்னமோ நேராத்தான் இருக்கு. கொதிக்கிற தண்ணில 10 நிமிஷம் வைக்கிறதுல அப்படி என்ன இருக்கு? குறைச்சுக்கலாமா?

குறைக்காதீர்கள். தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த 10 நிமிடத்தில்தான் இருக்கும். மாதிரி சரியாக வேகாவிட்டால் எண் கீழே போகும், ஸ்டாண்டர்ட் சரியாக வேகாவிட்டால் எண் மேலே போகும். இரண்டையும் நானே செய்து பார்த்து அசடு வழிந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காங்கயம் பக்கம் ஒரு அரிசி ஆலையின் லேபில் சில வருஷம் இருந்தேன். சந்தகை தயாரித்து விற்கும் ஒருவருக்குப் பச்சரிசி ஒரு லோடு போகவேண்டியிருந்தது. சந்தகைக்கு அமைலோஸ் கூடுதலான அரிசி வேண்டும், இல்லையென்றால் பிழிந்த இழை ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுவென்று கிடக்கும். நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் 19.2 சதவீதம். அதாவது குறைந்த அமைலோஸ் (20க்குக் கீழே குறைவு, 20 முதல் 25 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்பதுதான் வழக்கமான பகுப்பு). முதலாளி ஒரு பிடி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது நம்ம வழக்கமா இட்லிக்குப் போடற அரிசியாச்சே. இது போய்க் குழையும்ங்கறயா?" என்றார். "மிசின்ல அப்படித்தானுங்கண்ணா வருது" என்றேன். மிசின் மேல் பழி போட்டாயிற்று. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

நடந்ததைச் சொல்வதற்கு முன் மாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அரிசி ஸ்டார்ச் சில மைக்ரான் அளவுள்ள துகள்களாக இருக்கிறது. ஒவ்வொரு துகளிலும் கிளை விட்ட அமைலோபெக்டின் அடுக்கடுக்காக இறுகி நிற்க, அதிகம் கிளைக்காத நீளச் சங்கிலியான அமைலோஸ் அதன் இடையில் சிக்கியிருக்கிறது. நீல நிறம் வரவேண்டுமென்றால் அந்தச் சங்கிலி தண்ணீரில் தனியாக மிதந்து, சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு குளுக்கோஸ் என்ற கணக்கில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, நடுவில் இருக்கும் குழாயில் அயோடினை வரிசையாக உட்கார வைக்கவேண்டும். துகளுக்குள் பூட்டிக் கிடக்கும் அமைலோஸுக்கு அதற்கு இடமில்லை. வேகாத மாவில் அயோடின் விட்டால் துகள் கறுக்கும், கரைசல் நீலமாகாது. நம் கருவியோ கரைசலின் நிறத்தைத்தான் படிக்கிறது.

துகளை உடைத்து அமைலோஸை வெளியே விடுவதுதான் ஜெலட்டினைசேஷன். தமிழில் கூழாதல் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரில் அரிசி ஸ்டார்ச் கூழாகும் வெப்பம் ரகத்துக்கு ரகம் மாறும், ஏறத்தாழ 55 முதல் 79 டிகிரி வரை. நாம் போடும் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு இந்த வேலையைச் சூடில்லாமலே மெதுவாகச் செய்யும். அதனால்தான் சில லேப்களில் இரவு முழுக்க அறை வெப்பத்தில் வைத்துவிட்டுக் காலையில் எடுக்கிறார்கள். கொதிநீரில் 10 நிமிடம் என்பது அதே வேலைக்குக் குறுக்குவழி. ஏற்கெனவே குறுக்குவழியில் போகும்போது அதையும் குறுக்கினால் எப்படி?

எடைகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கணக்குக்கு வேண்டும். நன்றாகச் சலித்த மாவு 100 மில்லிகிராம், 100 மில்லி ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்கில். முதலில் 95 சதவீத எத்தனால் 1 மில்லி, அப்புறம் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 9 மில்லி. கொதிநீரில் 10 நிமிடம். ஆறவிட்டு 100 மில்லிக்கு நிரப்பவேண்டும். அதிலிருந்து 5 மில்லி எடுத்து இன்னொரு 100 மில்லி ஃப்ளாஸ்கில் விட்டு, 1 நார்மல் அசிட்டிக் அமிலம் 1 மில்லி, அயோடின் கரைசல் 2 மில்லி (0.2 சதவீத அயோடின், 2 சதவீத பொட்டாசியம் அயோடைடில்), பிறகு தண்ணீர் விட்டு நிரப்பி, 20 நிமிடம் கழித்து 620 நானோமீட்டரில் ஓ.டி. பார்க்கவேண்டும். அமிலத்தை மறந்தால் காரத்தில் அயோடின் சிதைந்து நீலமே வராது. அந்தத் தப்பு உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆபத்தான தப்பு கண்ணுக்குத் தெரியாதது.

எத்தனாலை வெறும் சடங்கு என்று நினைத்து நான் அன்றைக்கு நேரடியாகக் காரத்தை ஊற்றிவிட்டேன். ராகிக்களி கிண்டியவர்களுக்கு இது புரியும். கொதிக்கும் தண்ணீரில் மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், கட்டியின் மேல்தோல் வெந்து வழவழப்பாகிவிடும், உடைத்துப் பார்த்தால் உள்ளே வறட்டு மாவு அப்படியே இருக்கும். ஃப்ளாஸ்கிலும் அதேதான். காரம் பட்ட மேற்புறம் கூழாகித் தோல் போட்டுக்கொண்டு, உள்ளே போகும் வழியை அடைத்துவிடுகிறது. எத்தனால் முதலில் பட்டால் மாவு பிரிந்து நனைகிறது, எத்தனாலில் அது வீங்குவதில்லை. அதை ஃப்ளாஸ்கின் கழுத்திலிருந்து சுற்றிவர விட்டால் சுவரில் ஒட்டிய மாவும் கீழே இறங்கிவிடும்.

அன்று இன்னொன்றும் நடந்தது. சின்ன வாட்டர் பாத்தில் குளிர்ந்த ஃப்ளாஸ்க்குகளை ஒரே நேரத்தில் நெருக்கி இறக்கினேன். கொதி அடங்கிப்போனது. நானோ இறக்கிய நொடியிலிருந்து 10 நிமிடம் எண்ணினேன். தண்ணீர் மறுபடி கொதிக்க ஆரம்பித்தபோது எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

விளைவு இது. என் ஸ்டாண்டர்ட் கோட்டில் ஒரு சதவீதத்துக்கு 0.0162 ஓ.டி. வந்திருந்தது. மாதிரியின் ஓ.டி. 0.311. வகுத்தால் 19.2. மறுநாள் அதே மாவை எத்தனால் விட்டு, கொதி மீண்ட பிறகு நேரம் எண்ணி, இடையில் இரண்டு முறை சுழற்றிவிட்டு எடுத்தேன். ஓ.டி. 0.414, அமைலோஸ் 25.6. முதல் நாள் ஃப்ளாஸ்க்கை இன்னும் கழுவாமல் வைத்திருந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடித் துணுக்குகள். அதில் ஒன்றை எடுத்து அமிலமும் அயோடினும் விட்டேன், கருநீலப் புள்ளியாக நின்றது. காணாமல் போன ஆறு சதவீதம் அங்கே இருந்தது.

அந்தத் துணுக்கைப் பார்த்ததும் ஃப்ளாஸ்க்கை மறுபடி சூடாக்கித் தப்பிக்கலாமா என்று தோன்றும். 100 மில்லிக்கு நிரப்பும் முன் என்றால் தாராளமாகச் செய்யலாம். நிரப்பிய பிறகு காரம் 0.09 நார்மலாக நீர்த்துவிடுகிறது, அதற்கு அந்தப் பலம் இல்லை. புதிதாக எடை போடுவதுதான் வழி.

இனி ஸ்டாண்டர்ட். இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. உருளைக்கிழங்கு அமைலோஸ் 40 மில்லிகிராமை அதே எத்தனால், அதே காரம், அதே சூடு கொடுத்து 100 மில்லியாக்குகிறோம். அதில் 1, 2, 3, 4, 5 மில்லி எடுத்து, மில்லிக்கு 0.2 என்ற கணக்கில் அமிலம் விட்டு நிறம் வரவைக்கிறோம். 5 மில்லியில் 2 மில்லிகிராம் அமைலோஸ் இருக்கும். மாதிரியின் 5 மில்லியில் 5 மில்லிகிராம் மாவு. 5க்கு 2 என்றால் 40 சதவீதம். ஆகவே ஸ்டாண்டர்டின் ஒவ்வொரு மில்லியும் 8 சதவீதத்துக்குச் சமம்.

சுத்தமான அமைலோஸ் அரிசி மாவைவிட அடம்பிடிக்கும். அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகியிருக்கும், நனைவதற்கே நேரம் எடுக்கும். அதில் 85 சதவீதம்தான் கரைந்தது, மீதி அடியில் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 8, 16, 24 என்று குறித்துக்கொள்ளும் ஐந்து புள்ளிகளும் ஒரே ஃப்ளாஸ்கிலிருந்து வந்தவை. ஐந்துமே ஒரே விகிதத்தில் குறையும். அதனால் கோடு அப்போதும் நேராகவே வரும், பூஜ்யம் வழியாகவே போகும், ஆர்-ஸ்கொயர் 0.999 காட்டும். சாய்வு மட்டும் 0.0162லிருந்து 0.0138 ஆகிவிடும். இப்போது ஒழுங்காக வெந்த அதே மாதிரியின் 0.414ஐ வகுத்தால் 30. ஆக ஒரே அரிசி 19.2, 25.6, 30. கோடு நேராக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பிப்பெட் பிடிக்கும் கை சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

ஸ்டாண்டர்ட் தப்பா என்று கண்டுபிடிக்க நான் இரண்டு காரியம் செய்வேன். ஒன்று, தனித்தனியாக எடை போட்ட இரண்டு ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க் வைத்து, இரண்டின் 3 மில்லியையும் ஒப்பிடுவது. அரைகுறையாகக் கரைவது இரண்டிலும் ஒரே அளவில் நடப்பது அபூர்வம். இரண்டு, ஒவ்வொரு நாளின் சாய்வையும் நோட்டில் எழுதி வைப்பது. சாய்வு திடீரென்று இறங்கினால் அன்றைக்கு மாதிரியைத் தொடவே மாட்டேன். பழைய ஸ்டாண்டர்டை நாள்கணக்கில் வைத்து ஓட்டுவதும் வேண்டாம், அன்றன்றைக்குப் போடுவதே நல்லது.

மாதிரிப் பக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு. அயோடின் விடாமல் மற்றதெல்லாம் விட்டு 620இல் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் கரையாத துகள் ஒளியைச் சிதறடிக்கிறது என்று அர்த்தம். இது கொஞ்சம் நயவஞ்சகமான பிழை, ஏனென்றால் வேகாத மாவு நீலத்தைக் குறைத்துக்கொண்டே கலங்கலால் ஓ.டி.யை ஏற்றவும் செய்யும். இரண்டும் சேர்ந்து நம்பும்படியான ஒரு பொய் எண்ணைத் தந்துவிடலாம். நிறம் வந்த ஃப்ளாஸ்க்கை 20 நிமிடத்தில் ஒரு தடவை, 40 நிமிடத்தில் ஒரு தடவை படிப்பதும் உதவும். அடியில் நீலத்தூள் படிந்து ஓ.டி. இறங்கிக்கொண்டே போனால் அது வேகவில்லை.

அப்புறம், சூடாக நிரப்பாதீர்கள். சூட்டில் அமைலோஸின் சுருள் குலைந்து நீலம் வெளிறும். ஆறினால் திரும்பி வரும், ஆனால் அதற்குள் அவசரப்பட்டுப் படித்திருப்போம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கிடைப்பது தோற்ற அமைலோஸ்தான். அமைலோபெக்டினின் நீளக் கிளைகளும் அயோடினைப் பிடித்துச் செவ்வூதா நிறம் தரும், அதில் கொஞ்சம் 620இலும் விழும். ஐஎஸ்ஓ 6647 முறையில் ஸ்டாண்டர்டிலேயே அமைலோபெக்டினைக் கலந்து 720இல் படிப்பது இதற்காகத்தான். அரிசியின் கொழுப்பும் அமைலோஸ் சுருளுக்குள் புகுந்து அயோடினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் இரண்டு முறைகளின் எண்களை ஒரே நோட்டில் கலக்காமல் இருந்தால் போதும்.

புழுங்கல் அரிசி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அது மில்லிலேயே ஒரு முறை வெந்து, ஆறும்போது அமைலோஸ் மறுபடி இறுகிப் போனது, கொழுப்போடும் பிணைந்திருக்கும். இதற்கு நான் காரத்தில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அந்த 10 நிமிடத்தையும் கொடுத்துவிடுவேன்.

முதலாளியிடம் திருத்திய ரிப்போர்ட்டை நீட்டினேன். "25.6ங்கண்ணா. சந்தகைக்கு ஆகுமுங்க." அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை, லோடை ஏற்றச் சொல்லிவிட்டிருந்தார். அன்றைக்கே அந்த அரிசியில் ஒரு கிலோவை மாவாக்கிச் சலித்து, இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேட்சிலும் ஒரு ஃப்ளாஸ்க் அந்த மாவுக்கு. அது 25லிருந்து 26க்குள் வராத நாளில் வேறு எந்த மாதிரிக்கும் எண் எழுதுவதில்லை.