புரொஜெக்டர் 20 நிமிசத்தில தானா நிக்குது, TEMP லைட் சிவப்பா எரியுது, லாம்ப் முடிஞ்சுதோ?

லாம்ப் வாங்க ஓடாதீங்கோ. லாம்ப் முடிந்தால் அனேகமாக LAMP லைட்தான் எரியும். 20 நிமிடம் ஓடி TEMP எரிந்தால் சூடு வெளியேறவில்லை. மாங்குளத்தில் ஒரு வகுப்பறைப் புரொஜெக்டரில் தூசி பில்டரைக் கழற்றினேன், வன்னிச் செம்மண் புழுதி கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது.

வயரைக் கழற்றி ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, பில்டரை மெல்லிய தூரிகையால் தட்டுங்கோ. கழுவக்கூடிய பில்டர் என்று கையேடு சொன்னாலொழிய தண்ணீர் வேண்டாம்.

பிறகும் நின்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கோ. போட்டவுடனே விசிறிச் சத்தமே இல்லாமல், அல்லது கரகரவென்று இரைந்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றால் விசிறிதான் பழுது, அதைத் திருத்துபவரிடம் விடுங்கோ. லாம்ப் மணித்தியாலத்தை மெனுவில் பார்க்கலாம், ஆனால் முன்பு லாம்ப் மாற்றியவர் அதை ரீசெட் பண்ணாவிட்டால் அந்தக் கணக்கு பொய்.